ஃபாலோயர் எண்ணிக்கையிலிருந்து மாத விற்பனை இலக்கு: கடலூர் சேலைக் கடை ஒன்றின் முழுக் கணக்கு

இன்ஸ்டாகிராமில் விற்கும் சின்னக் கடைகள் பெரும்பாலும் மாத இலக்கை இரண்டு வழியில்தான் வைக்கின்றன. போன மாதத்து விற்பனையோடு ஒரு பத்தாயிரம் கூட்டுவது ஒன்று. ஃபாலோயர் ஏறிவிட்டார்கள், விற்பனையும் அதே அளவு ஏறும் என்று நினைப்பது இன்னொன்று. இரண்டிலும் அந்தத் தொகை எத்தனை பேர் விசாரித்தால், அவர்களில் எத்தனை பேர் வாங்கினால் வரும் என்பது தெரியாது. அதனால் 20ஆம் தேதி விற்பனை குறைவாக இருக்கும்போது எதைச் சரிசெய்வது என்றும் தெரியாது.

கணக்கின் எலும்புக்கூடு எளிமையானது. ஃபாலோயர் எண்ணிக்கையை விசாரிப்பு விகிதத்தால் பெருக்கினால் விசாரிப்போர் எண்ணிக்கை. அதை வாங்கும் விகிதத்தால் பெருக்கினால் ஆர்டர். ஆர்டரைச் சராசரி பில்லால் பெருக்கினால் ரூபாய். கடினம் பெருக்கலில் இல்லை, அந்த நான்கு எண்களும் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் காட்டன் சேலை விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொண்டு, ஜூன் மாத ஆன்லைன் இலக்கை வைப்போம். கடை கற்பனை, கணக்கு அப்படியே உங்கள் கடைக்கும் பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் நோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

விசாரிப்பு நோட்டு

முந்தைய மூன்று மாதத்துக்கு ஒரு கூகுள் ஷீட் வேண்டும். ஒருவருக்கு ஒரு வரி. தேதி, போன் எண் அல்லது இன்ஸ்டா பெயர், எந்தச் சேலை, ஊர், புதியவரா பழைய வாடிக்கையாளரா, முடிவு, தொகை என்று ஏழு பத்திகள் போதும். நோட்டு இல்லாதவர்கள் வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டா மெசேஜையும் பின்னோக்கித் தள்ளிப் பார்த்து எழுதிவிடலாம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும், ஆனால் அதற்குப் பிறகு தினமும் பத்து நிமிடம்தான்.

எண்ண வேண்டியது ஆட்களை, மெசேஜ்களை அல்ல. ஒரே பெண் ரீலின் கீழே "விலை?" என்று கேட்பார், பிறகு மெசேஜில் வருவார், மறுநாள் வாட்ஸ்அப்பில் "அக்கா, அந்த மெரூன்ல இன்னொரு பீஸ் இருக்கா?" என்பார். அது ஒரு விசாரிப்பு. மூன்றாக எழுதினால் விசாரிப்பு விகிதம் வீங்கும், வாங்கும் விகிதம் சுருங்கும், இரண்டையும் நம்ப முடியாது. இன்ஸ்டா பெயரில் ஒரு வரியும் போன் எண்ணில் ஒரு வரியுமாக விழுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. எண் கிடைத்ததும் பழைய வரியிலேயே பெயருக்குப் பதிலாக எண்ணைப் போடுங்கள். மாதக் கடைசியில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்:

```
=COUNTA(B2:B500)
=COUNTUNIQUE(B2:B500)
```

இரண்டு விடையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவது பெரிதாக வந்தால் யாரோ இரண்டு வரியில் இருக்கிறார்கள்.

"சூப்பர்", இதயக் குறி, "எங்க இருக்கு கடை?" என்று மட்டும் கேட்டுப் போனவர்கள் எல்லாம் விசாரிப்பு அல்ல. ஒரு குறிப்பிட்ட சேலையின் விலை, நிறம், இருப்பு, அனுப்பும் செலவு, இவற்றில் ஒன்றைக் கேட்டவரே விசாரித்தவர். அதேபோல "எடுத்து வைங்க" என்றவர் வாங்கியவர் அல்ல. பணம் கைக்கு வந்த பிறகுதான் "வாங்கினார்" என்று எழுத வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி தருகிறவர்கள், பார்சல் திரும்பி வராமல் பணம் சேரும் வரை அந்த வரியைத் திறந்தே வையுங்கள்.

பழைய வாடிக்கையாளர்களைத் தனியாக எண்ணுவதும் முக்கியம். ஏற்கெனவே இரண்டு சேலை வாங்கியவர் கேட்டால் பெரும்பாலும் வாங்கிவிடுவார். அவரைப் புதியவர்களோடு கலந்தால் வாங்கும் விகிதம் அழகாகத் தெரியும். அதை நம்பிப் புது ஆட்களைத் திரட்ட விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் அந்த விகிதத்தில் ஆர்டர் வராது.

விகிதங்களை எடுப்பது

நம் கடையின் மூன்று மாதம் இப்படி இருக்கிறது. ஃபாலோயர் எண்ணிக்கை மாதத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சராசரி. விசாரித்தவர், வாங்கியவர் இரண்டும் புதியவர்கள் மட்டும்.

மார்ச்: ஃபாலோயர் 3,600, விசாரித்தவர் 122, வாங்கியவர் 20.
ஏப்ரல்: ஃபாலோயர் 3,800, விசாரித்தவர் 133, வாங்கியவர் 21.
மே: ஃபாலோயர் 5,100, விசாரித்தவர் 138, வாங்கியவர் 22.

மே மாதத்தில் ஒரு ரீல் ஓடியிருக்கிறது. மாதத் தொடக்கத்தில் 3,900 ஆக இருந்த ஃபாலோயர், முடிவில் 6,300. கடைக்காரருக்குப் பெரிய சந்தோஷம், நியாயம்தான். ஆனால் விசாரித்தவர்கள் ஐந்து பேர்தான் கூடியிருக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் இரண்டையும் சேர்த்தால் விசாரிப்பு விகிதம் 7,400க்கு 255, அதாவது 3.45 சதவீதம். மே மாதத்தில் அது 2.7 சதவீதமாக இறங்கிவிட்டது.

இந்த இறக்கத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், அதை விளக்கிக்கொள்ள வேண்டும். பழைய 3,900 பேர் வழக்கமான 3.45 சதவீதத்தில் கேட்டிருந்தால் 135 விசாரிப்பு வந்திருக்கும். வந்தது 138. ஆக, புதிதாகச் சேர்ந்த 2,400 பேரிடமிருந்து வந்தது மூன்றே மூன்று. அவர்கள் மாதம் முழுக்க இருக்கவில்லை, சராசரியாக 1,200 பேர் இருந்ததாக வைத்தால் விகிதம் 0.25 சதவீதம். இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸ் பக்கத்தில் ஃபாலோயர்களின் ஊர் விவரம் இருக்கும். ரீல் ஓடும் முன்பும் பின்பும் அதைப் படம் பிடித்து வைத்திருந்தால் காரணம் அங்கேயே தெரியும். கடலூர், புதுச்சேரி, விழுப்புரம், சென்னை என்று இருந்த பட்டியலில் சேலை வாங்க வாய்ப்பில்லாத தூரத்து ஊர்கள் மேலே ஏறியிருக்கும். சேலை கட்டும் விதத்தைக் காட்டிய ரீல் என்றால், பார்த்தவர்கள் கட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள், வாங்க வந்தவர்கள் அல்ல.

ஆகவே ஃபாலோயரை ஒரே மொத்தமாகப் பெருக்கக் கூடாது. இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். பழைய 3,900 பேரிடமிருந்து ஜூனில் 135 விசாரிப்பு. புதிய 2,400 பேரிடமிருந்து 0.25 சதவீதத்தில் 6. மொத்தம் 141, அதை 140 என்று வைத்துக்கொள்வோம். மூன்று, நான்கு மாதம் கழித்துப் புதியவர்களின் விகிதம் நோட்டிலேயே தெரிந்துவிடும், அப்போது இரு குழுவையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

வாங்கும் விகிதம் இதைவிட நிலையாக இருக்கிறது: 393 பேரில் 63, அதாவது 16 சதவீதம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மே 28ஆம் தேதி விசாரித்தவர் சம்பளம் வந்த பிறகு ஜூன் 3ஆம் தேதி பணம் போடுவார். அந்த ஆர்டரை அவர் விசாரித்த மே மாதத்தில்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்து ஆட்கள் வாங்காதவர்களாகவே கணக்கில் விழுவார்கள். அதனால் ஜூன் 1ஆம் தேதி ஒரு தற்காலிக இலக்கை வைத்து, ஜூன் 7ஆம் தேதி மே கணக்கை மூடிய பிறகு உறுதி செய்யுங்கள்.

வாங்கும் விகிதம் 16 சதவீதம் என்பது நல்லதா மோசமா என்று கேட்பவர்கள் உண்டு. வேறு கடையோடு ஒப்பிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது, காரணம் ஒற்றைப் பீஸ். ஒரே ஒரு சேலை இருக்கும் டிசைனை ரீலில் போட்டு இருபது பேர் கேட்டால், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் ஒருவர்தான் வாங்க முடியும். அங்கே உச்சபட்ச விகிதமே 5 சதவீதம். அதே டிசைனில் நான்கு நிறம் வைத்திருக்கும் கடைக்கு அந்தத் தடை கிடையாது. உங்கள் விகிதம் உங்கள் பேச்சுத் திறமையை மட்டும் அளப்பதில்லை, இருப்பையும் சேர்த்தே அளக்கிறது. முடிவுப் பத்தியில் "வாங்கவில்லை" என்று மட்டும் எழுதாமல் "பீஸ் இல்லை", "விலை", "பதில் இல்லை" என்று காரணத்தை எழுதச் சொல்வது இதனால்தான்.

சீசன்: பழைய பில் புத்தகத்திலிருந்து

ஜூனில் பள்ளி திறக்கும். கட்டணம், நோட்டு, யூனிஃபார்ம் என்று வீட்டுப் பணம் அந்தப் பக்கம் போய்விடும். எவ்வளவு குறையும் என்பதை ஊகிக்க வேண்டாம். கடையில் போன வருஷத்துப் பில் புத்தகம் இருக்கும். மார்ச் முதல் மே வரை மாதம் சராசரி 90 பில், ஜூனில் 77 பில் என்றால் 77ஐ 90ஆல் வகுத்தால் 0.86. இன்ஸ்டாகிராமே இல்லாத காலத்துப் பில் புத்தகமும் இதற்கு உதவும், ஏனென்றால் நாம் எடுப்பது தொகையை அல்ல, மாதத்துக்கு மாதம் மாறும் அளவை.

140 விசாரிப்பை 0.86ஆல் பெருக்கினால் 120. சீசனை விசாரிப்பில் ஒரே ஒரு முறைதான் சேர்க்க வேண்டும். பள்ளி திறக்கும் மாதம் என்று வாங்கும் விகிதத்தையும் குறைத்தால் அதே காரணத்துக்கு இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

போன வருஷத்து மாதம் வழக்கமான மாதம்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. அந்த டிசம்பர்ப் பில்லை வைத்து வேறொரு டிசம்பருக்குச் சீசன் எண் எடுத்தால் இலக்கு அநியாயத்துக்குத் தாழ்ந்துவிடும். அப்படிப்பட்ட மாதத்துக்கு அதற்கு முந்தைய வருஷத்துப் புத்தகத்தை எடுங்கள். மாறாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் மழைக்காலம் என்பதால் கூரியர் நிற்கும் நாட்கள் ஒவ்வொரு வருஷமும் சில இருக்கும். அது புயல் போன்ற விதிவிலக்கு அல்ல, அதைக் கழிக்காமல் எண்ணுக்குள்ளேயே விட்டுவிட வேண்டும்.

சராசரி பில்

மூன்று மாதத்து 63 ஆர்டரின் மொத்தம் ரூ.91,350. நேராக வகுத்தால் ஆர்டருக்கு ரூ.1,450. ஆனால் அதில் ஒரு வளைகாப்பு வீட்டுக்காரர் ஒரே தடவையில் ஒன்பது சேலை எடுத்த ரூ.12,600 பில் ஒன்று இருக்கிறது. அதை நீக்கினால் 62 ஆர்டர், ரூ.78,750, சராசரி ரூ.1,270. இலக்குக்கு இந்த எண்தான் சரி. விசேஷ வீட்டு ஆர்டர் வந்தால் நல்லது, அதைத் தனி வரியில் எழுதிக்கொள்ளலாம். வரும் என்று எதிர்பார்த்து அதற்காகச் சரக்கை இறக்க முடியாது.

இப்போது பெருக்கலாம். 120 விசாரிப்பு, 16 சதவீதம், 19 ஆர்டர். ரூ.1,270 வீதம் ரூ.24,130. பழைய வாடிக்கையாளர்கள் இந்த மூன்று மாதத்தில் முறையே 12, 10, 11 ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். சராசரி 11, சீசனுக்குக் குறைத்தால் 9. அதில் ரூ.11,430. ஜூன் மாத ஆன்லைன் இலக்கு 28 ஆர்டர், ரூ.35,560.

மாதக் கடைசியில் ஃபாலோயர் 6,300 என்று பார்த்து, 3.45 சதவீதம், 16 சதவீதம், ரூ.1,450 என்று நேராகப் பெருக்கியிருந்தால் புதியவர்களிடமிருந்து மட்டுமே 35 ஆர்டர், ரூ.50,750 என்று வந்திருக்கும். நம் கணக்கில் அதே வரி ரூ.24,130. ரீல், சீசன், வளைகாப்புப் பில் என்ற மூன்று தவறும் ஒரே பக்கம் சாய்ந்ததால் தொகை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. அதை நம்பிச் சரக்கு எடுத்தால் பாதிச் சேலை ஆடிக்கும் அலமாரியிலேயே இருக்கும்.

ஒரே எண்ணாக வைக்காதீர்கள்

மாதம் முப்பது ஆர்டர் சுற்றி விற்கும் கடையில் எதுவும் மாறாமலேயே எண் மேலும் கீழும் ஆடும். எவ்வளவு ஆடும் என்பதற்கு எளிய அளவு, ஆர்டர் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 28க்கு அது சுமார் 5. கணக்கு சரியாகவே இருந்தாலும் மூன்றில் இரண்டு மாதம் 23க்கும் 33க்கும் இடையில் வரும், மீதி ஒரு மாதம் அதற்கும் வெளியே போகும். எனவே இலக்கை மூன்று எண்ணாக எழுதுங்கள்: தரை 23, நடு 28, உச்சி 33. 25 ஆர்டர் வந்தால் வேலை பார்க்கும் பெண்ணைத் திட்ட ஒன்றுமில்லை. 31 வந்தால் அடுத்த மாதமே இலக்கை ஏற்றவும் வேண்டாம். தொடர்ந்து இரண்டு மாதம் எல்லைக்கு வெளியே போனால்தான் விகிதங்களைத் திரும்ப எடுக்க வேண்டும்.

இந்தத் தரை எண்ணைச் செலவோடு ஒப்பிட வேண்டும். சேலைக் கொள்முதல் ரூ.820, கூரியர் ரூ.75, கவரும் அட்டையும் ரூ.15. ரூ.1,270 பில்லில் மிஞ்சுவது ரூ.360. மாதம் எப்படியும் போகும் செலவு, பகுதி நேர உதவியாளர் ரூ.6,000, விளம்பரம் ரூ.1,500, போன் ரூ.500, மொத்தம் ரூ.8,000. எட்டாயிரத்தை 360ஆல் வகுத்தால் 23 ஆர்டர். தரை எண்ணும் 23தான். தரை எண்ணைத் தொட்டாலே கை நஷ்டம் இல்லை, நடு எண்ணில் ரூ.2,000 சொச்சம் மிஞ்சும்.

உரிமையாளருக்கு ஆன்லைனில் மாதம் ரூ.10,000 மிஞ்ச வேண்டும் என்றால் 50 ஆர்டர் தேவை. அந்த எண்ணை இலக்குப் பலகையில் எழுதிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. 9 பழையவர் போக 41 புது ஆர்டருக்கு 256 விசாரிப்பு வேண்டும். ஜூன் போன்ற மாதத்தில் அதற்கு விசாரிக்கும் வகை ஃபாலோயர் சுமார் 8,600 பேர் தேவை, இருப்பது 3,900. ஒரு மாதத்தில் நடக்காது. ஒற்றைப் பீஸைக் குறைத்து வாங்கும் விகிதத்தை 20 சதவீதமாக்கி, பழைய வாடிக்கையாளர்களுக்குப் புதுச் சரக்கு வந்த அன்றே படம் அனுப்பி அவர்கள் ஆர்டரை 13 ஆக்கினால் மொத்தம் 37 வரும், மிச்சம் ரூ.5,300. அடுத்த மூன்று மாதத்துக்கு அது எட்டக்கூடிய எண்.

கடலூர், புதுச்சேரிக் கடைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பார்சல் அனுப்புவது ஜி.எஸ்.டி. கணக்கில் வெளிமாநில விற்பனை. சரக்கை மாநிலம் தாண்டி விற்பவர் ஆண்டு விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்பது பொது விதி, சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. பதிவு இல்லாத கடை என்றால், நோட்டின் ஊர்ப் பத்தியில் புதுச்சேரி என்று இருக்கும் கூரியர் ஆர்டர்களை இலக்கிலிருந்து கழித்துவிட்டு ஆடிட்டரைப் பாருங்கள். கடலூர்க் கடைக்கு நேரில் வந்து எடுத்துப்போகிறவர்கள் இதில் வர மாட்டார்கள்.

10ஆம் தேதியும் 20ஆம் தேதியும்

மாதத்தில் இரண்டு முறை நோட்டைப் பார்த்தால் போதும். பார்க்க வேண்டியது ரூபாயை அல்ல, முதலில் விசாரிப்பை, பிறகு ஆர்டரை. 10ஆம் தேதி 40 விசாரிப்பும் 6 புது ஆர்டரும் இருக்க வேண்டும். விசாரிப்பே 22தான் என்றால் கோளாறு பதிவுகளில் இருக்கிறது: போடவில்லை, அல்லது போட்டது சேலையின் விலையும் அருகிலிருந்து எடுத்த படமும் இல்லாத ரீல்.

விசாரிப்பு 41, ஆர்டர் 3 என்று வந்தால் முடிவுப் பத்தியைத் திறங்கள். எண்ணிக்கை சிறியது, ஆர்டர் மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் 41 வரியில் 14 வரியில் "பீஸ் இல்லை" என்று இருந்தால் அது தற்செயல் அல்ல. அந்த 14 பேரில் 9 பேர் கேட்டது ஒரே மெரூன் சேலை என்றால், அன்றே நெசவாளரையோ மொத்த வியாபாரியையோ அழைத்து மெரூனில் ஆறு பீஸ் சொல்லிவிட்டு, அந்த ஒன்பது பேருக்கும் எந்தத் தேதியில் வருகிறது என்று மெசேஜ் போடுங்கள். 20ஆம் தேதி நோட்டைத் திறக்கும்போது அந்த ஒன்பது வரியையும் முதலில் பாருங்கள்.